பேக்கேஜ் டூருக்கு எல்.டி.ஏ. வரிவிலக்கு: எவ்வளவு கழியும், எந்தக் கணக்கில்?

"பீளமேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. எல்.டி.ஏ. என்கிற விடுமுறைப் பயணப்படி மாதம் 6,000 வீதம் சம்பளத்தோடு வருகிறது. 2025 மே மாதம் நான், மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா, மாமியார் ஆறு பேரும் டில்லி, ஆக்ரா போய் வந்தோம். டிராவல்ஸ்காரர் பேக்கேஜ் 1,98,000. 2022-லிருந்து நான் எல்.டி.ஏ. கேட்டதே இல்லை. நாலு வருடத்துக்கும் சேர்த்து 1,98,000 முழுவதும் கழிக்கலாம்தானே? இப்போது 2026 ஜனவரியில் பில் கொடுத்தால் எச்.ஆர். திருப்பி அனுப்பிவிட்டார்கள்."

முழுவதும் கழியாதுங்க. உங்கள் கணக்கில் கழியக்கூடியது 65,000 பக்கம் வரும், அதுவும் நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால்தான். அந்த 65,000 எப்படி வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். சம்பளக் கணக்குப் பார்க்கும் வேலையில் இருப்பதால் ஜனவரி வந்தாலே இந்தப் பேக்கேஜ் பில் தகராறைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பெரும்பாலும் இரண்டு பக்கமும் பாதி பாதி சரியாகவே பேசுவார்கள்.

முதலில் எந்த வரி முறை என்று பாருங்கள். புதிய முறையில் எல்.டி.ஏ.வுக்கு விலக்கே கிடையாது, வருடத்துக்கு வருகிற 72,000-க்கும் வரி உண்டு. 2023-24 நிதியாண்டிலிருந்து நாம் எதுவும் சொல்லாவிட்டால் கம்பெனி புதிய முறையிலேயே வரி பிடிக்கும், அதனால் "நான் எதையும் மாற்றவில்லையே" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் புதிய முறையில்தான் இருப்பார்கள். இன்னொன்று, 2025-26-ல் சம்பளம் 12,75,000 வரை இருந்தால் புதிய முறையில் வரியே இல்லை. உங்கள் சம்பளம் அதற்குள் என்றால் இந்த டிக்கெட்டுகளையெல்லாம் தேடி எடுக்கவே வேண்டாம், மேலே படிக்கவும் வேண்டாம். அதற்கு மேல் சம்பளம், வீட்டுக் கடன் வட்டி, வீட்டு வாடகைப்படி, 80சி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பழைய முறைதான் லாபம் என்கிற ஆட்களுக்கு மட்டும்தான் எல்.டி.ஏ. ஒரு விஷயம். எல்.டி.ஏ. ஒன்றுக்காகப் பழைய முறைக்குத் தாவுவது நஷ்டமாகத்தான் முடியும்.

சரி, நீங்கள் பழைய முறை என்று வைத்துக்கொள்வோம். இங்கே மூன்று தொகைகளை எடுத்து, எது குறைவோ அதைத்தான் கழிக்க வேண்டும். கம்பெனி அந்த நிதியாண்டில் கொடுத்த எல்.டி.ஏ. ஒன்று, நீங்கள் உண்மையில் கொடுத்த பயணக் கட்டணம் ஒன்று, வருமான வரி விதி 2பி போட்டிருக்கிற உச்சவரம்பு ஒன்று. பேக்கேஜ் பில்லில் கடைசியாகக் கொட்டை எழுத்தில் இருக்கும் மொத்தத் தொகைக்கு இந்த மூன்றிலும் இடம் இல்லை.

நாலு வருடக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பாதிப்பேர் வழுக்குவது இங்கேதான். நாலு வருட பிளாக் என்பது பயணங்களை எண்ணுவதற்கான கணக்கு. 2022 ஜனவரி 1 முதல் 2025 டிசம்பர் 31 வரை ஒரு பிளாக், அதற்குள் இரண்டு பயணங்களுக்கு விலக்குக் கேட்கலாம், அவ்வளவுதான். நாலு வருடத்துப் பணத்தை ஒன்றாகச் சேர்த்து ஒரு பயணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. உங்களுக்கு மாதம் 6,000 சம்பளத்தோடு வந்துவிட்டது. 2022-23, 2023-24, 2024-25 மூன்று வருடமும் அந்தப் பணம் கைக்கு வந்து, வரியும் பிடிக்கப்பட்டு, படிவம் 16-ம் வந்து முடிந்துவிட்டது. அது இனித் திரும்பாது. 2025-26-ல் வருகிற 72,000 மட்டும்தான் இந்தப் பயணத்துக்கு எதிராக நிற்கும். சில கம்பெனிகளில் எல்.டி.ஏ.வை மாதாமாதம் கொடுக்காமல், நீங்கள் ஊருக்குப் போய் வந்து பில் கொடுக்கும்போதுதான் சேர்ந்த தொகையை மொத்தமாகக் கொடுப்பார்கள். அந்த மாதிரி இடத்தில் இரண்டு மூன்று வருடத் தொகை ஒரே பயணத்துக்கு எதிராக வரலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது அந்த வகை இல்லை. வேலை மாறும்போது இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது, யாரும் கேட்பதில்லை.

அடுத்து கட்டணம். சட்டம் பேசுவது போக்குவரத்துச் செலவை மட்டும்தான். தங்குவது, சாப்பாடு, தாஜ்மகாலுக்கு நுழைவுச் சீட்டு, கைடு, ஊர் சுற்ற வண்டி எதுவும் சேராது. உங்கள் டிராவல்ஸ்காரர் 1,98,000 என்று ஒரே வரியில் பில் போட்டிருப்பார். அதில் கட்டணம் எவ்வளவு என்று எச்.ஆருக்கு எப்படித் தெரியும்? தெரியாது, அதனால்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், அதில் தவறு இல்லை. டிராவல்ஸ்காரரிடம் போய் பயணிவாரியாக விமானக் கட்டணத்தைத் தனியாகக் காட்டி பில்லோ கடிதமோ வாங்குங்கள். கூடவே ஆறு பேருடைய இ-டிக்கெட்டும், போர்டிங் பாஸ் இருந்தால் அதுவும். பி.என்.ஆர். எண் உள்ள இ-டிக்கெட்டிலேயே கட்டணம் அச்சாகியிருந்தால் கடிதம்கூடத் தேவைப்படாது, ஆனால் குரூப் புக்கிங்கில் பெரும்பாலும் கட்டணம் காட்டாமல்தான் டிக்கெட் வரும். பயணக் காப்பீடு, விமானத்தில் வாங்கின சாப்பாடு என்று தனியாகப் போட்டிருந்தால் அதையும் கழித்துவிட்டுத்தான் கட்டணத்தை எடுக்க வேண்டும்.

உங்கள் பில்லைப் பிரித்தால் இப்படி வருகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூர் டில்லி போக வர விமானம் தலைக்கு 13,000 வீதம் ஆறு பேருக்கு 78,000. ஓட்டல் 66,000. டில்லியிலிருந்து ஆக்ரா போய் வரவும் டில்லியைச் சுற்றவும் வேன் 30,000. சாப்பாடு, நுழைவுச் சீட்டு, கைடு எல்லாம் 24,000. கூட்டினால் 1,98,000. ஓட்டலும் சாப்பாடும் போய்விடும், அதில் பேச்சே இல்லை. மிச்சம் விமானமும் வேனும்.

ஆக்ராவுக்கு வேன் எடுத்ததும் பயணம்தானே, அது ஏன் வராது என்று கேட்பீர்கள். விதி சொல்வது, புறப்படும் ஊரிலிருந்து போய்ச் சேரும் ஊருக்குக் குறுகிய வழியில் ஆகும் கட்டணம். பல ஊர்களைச் சுற்றினால், அதில் தூரத்து ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே நேராகப் போய் வந்திருந்தால் எவ்வளவு என்று பார்ப்பதுதான் நடைமுறை. நம் ஊரிலிருந்து கேரளா எக்ஸ்பிரசில் போயிருந்தால் ஆக்ரா கண்டோன்மென்ட் வழியில் வந்துவிடும், டில்லி அதற்கும் அப்பால். ஆக, உங்களுக்குத் தூரத்து ஊர் டில்லி, அதற்கு விமானக் கட்டணம் ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. டில்லி வரை போய்விட்டு ஆக்ராவுக்குத் திரும்பி வந்தது சுற்றிப் பார்த்ததில்தான் சேரும். 30,000-மும் போய்விட்டது.

இப்போது ஆட்கள். சட்டத்தில் குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, குழந்தைகள், அப்புறம் உங்களையே முழுக்கவோ பெரும்பாலுமோ நம்பி இருக்கிற அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள். மாமனார் மாமியார் இந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் வீட்டிலேயே இருந்தாலும், நீங்களே பார்த்துக்கொண்டாலும் இல்லை. இதைச் சொல்லும்போது பலருக்குக் கோபம் வரும், நியாயமான கோபம்தான், எனக்கும் இந்த இடத்தில் சட்டத்தோடு உடன்பாடு இல்லை, ஆனாலும் எழுதியிருப்பது அதுதான். அப்பத்தா, அம்மிச்சி எல்லாரும் அப்படியே வெளியேதான் நிற்பார்கள். உங்கள் மனைவியும் வேலைக்குப் போய், அவருக்கும் எல்.டி.ஏ. இருந்தால், மாமியார் அவருக்கு அம்மா, அவரை நம்பி இருந்தால் அவருடைய கணக்கில் மாமியார் டிக்கெட் வரலாம். ஒரே டிக்கெட்டை இரண்டு பேரும் காட்டக்கூடாது, அது மட்டும் கவனம். உங்கள் அம்மாவுக்குத் தனியாகப் பென்ஷனோ, தோட்டத்து வருமானமோ பெரிதாக இருந்தால் உங்களை நம்பி இருக்கிறார் என்று சொல்ல முடியாது. நிலம் உங்கள் அம்மா பெயரில் இருந்து குத்தகை வருகிறது என்றால் அதையும் யோசித்துவிட்டு எழுதுங்கள். குழந்தைகளில், 1998 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்கள் இரண்டு பேர் வரைதான். முதல் குழந்தைக்கு அப்புறம் இரட்டையர் பிறந்திருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. உங்களுக்கு இரண்டுதான், பிரச்சினை இல்லை.

ஆக மாமியாரை விட்டுவிட்டால் ஐந்து பேருக்கு 13,000 வீதம் 65,000. இதுதான் உண்மையான கட்டணம். விமானத்துக்கு உச்சவரம்பு, தேசிய விமான நிறுவனத்தின் எகானமி கட்டணம் என்று விதி சொல்கிறது. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாட்டாவிடம் போனபிறகும் அந்த வார்த்தை இருந்தது. நடைமுறையில் நீங்கள் எகானமியில் போய், நேர் வழியில் போயிருந்தால் டிக்கெட்டில் உள்ள கட்டணத்தையே கம்பெனிகள் எடுத்துக்கொள்கின்றன. பிசினஸ் கிளாசில் போனால்தான் எகானமி அளவுக்கு வெட்டுவார்கள். எனவே உங்களுக்குக் கம்பெனி கொடுத்தது 72,000, கட்டணம் 65,000, குறைவானது 65,000. மீதி 7,000-க்கு வரி கட்ட வேண்டும். நீங்கள் 20 சதவீத வரம்பில் இருந்தால் மிச்சமாவது 13,000, செஸ் சேர்த்து 13,520. 30 சதவீதம் என்றால் 20,280. 1,98,000 செலவுக்கு இதுதான் பலன்.

விமானம் ஒன்றும் இல்லாமல் காரில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, நம் பக்கம் அதுதான் அதிகம். ரயில் தொடர்புள்ள ஊருக்கு வாடகைக் காரில் போனால், குறுகிய வழியில் ஏ.சி. முதல் வகுப்பு ரயில் கட்டணம் எவ்வளவோ அதுவரைதான். அந்த ரயிலில் ஏ.சி. முதல் வகுப்புப் பெட்டி இருக்க வேண்டும் என்று இல்லை, அந்தத் தூரத்துக்கான கட்டணம்தான் அளவு. ரயிலே போகாத ஊர் என்றால் வேறு கணக்கு. திருப்பூரிலிருந்து கொடைக்கானலுக்கு வாடகை வண்டியில் போய் 14,000 பில் வாங்கி வருவார்கள். கொடைக்கானலுக்கு ரயில் இல்லை, ஆனால் பஸ் இருக்கிறது. பொதுப் போக்குவரத்து இருக்கிற ஊர் என்றால் அந்தப் பஸ்சின் டீலக்ஸ் கட்டணம்தான் வரம்பு, நாலு பேருக்குப் போக வரக் கூட்டினாலும் 14,000 வராது. பஸ்சும் இல்லாத ஊர் என்றால் மட்டும், அந்தத் தூரத்துக்கு ரயிலில் போனால் ஏ.சி. முதல் வகுப்புக்கு எவ்வளவோ அது. சொந்தக் காரில் பெட்ரோல் போட்டுப் போனவர்கள், பெட்ரோல் பில்லைக் கட்டணமாக எடுப்பார்களா என்று போவதற்கு முன்னாடியே கம்பெனியில் கேட்டுவிடுங்கள். ஏ.சி. முதல் வகுப்பு வரம்புக்குள் ஏற்கும் இடமும் உண்டு, அது கட்டணமே இல்லை என்று மறுக்கும் இடமும் உண்டு.

வெளிநாடு கூடவே கூடாது. கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருப்பதால் இதைக் கேட்கிறவர்கள் உண்டு. நடுவில் வெளிநாடு போய்விட்டு, கடைசியில் இந்தியாவுக்குள் ஒரு ஊரைக் காட்டினால் அந்த அளவுக்காவது வருமா என்பது ஸ்டேட் பாங்க் ஊழியர்கள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2022 நவம்பரில் வந்த தீர்ப்பில், இந்தச் சலுகை இந்தியாவுக்குள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் குறுகிய வழியில் போவதற்குத்தான், வெளிநாட்டைச் சுற்றிப் போனது இதில் வராது, வங்கி வரி பிடித்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்களும் கூடப் போயிருக்க வேண்டும், லீவும் போட்டிருக்க வேண்டும். மனைவி குழந்தைகளை மட்டும் அனுப்பிவிட்டு அவர்கள் டிக்கெட்டைக் கொடுத்தால் ஆகாது, ஏனென்றால் ஊழியர் லீவில் போவதை ஒட்டித்தான் வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 10(5) இந்தச் சலுகையைக் கொடுக்கிறது. இப்போது புதிதாக ஒரு சிக்கல், டில்லியில் இருந்துகொண்டே வீட்டிலிருந்து வேலை என்று வருகைப்பதிவில் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தேதிக்கு லீவு இல்லாமல் டிக்கெட் மட்டும் இருந்தால் எச்.ஆர். தள்ளிவிடும், தள்ளுவது சரியும்கூட. மே மாதம் அந்த நாட்களுக்கு நீங்கள் லீவு போட்டது பதிவில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இப்போது உங்களுக்கு நல்ல சேதி. 2022-25 பிளாக்கில் இரண்டு பயணம் உண்டு, நீங்கள் மே மாதம் போனது ஒன்றுதான். மிச்சம் இருக்கும் ஒன்றை அடுத்த பிளாக்கின் முதல் வருடத்துக்குக் கொண்டு போகலாம், அதாவது 2026 டிசம்பர் 31-க்குள் போய் வந்துவிட வேண்டும். இது 2026-29 பிளாக்கின் இரண்டு பயணக் கணக்கில் சேராது, அதனால் 2029 முடிவதற்குள் உங்களுக்கு மொத்தம் மூன்று வாய்ப்பு. இரண்டுமே போகாமல் விட்டவர்களுக்கும் கொண்டு போக முடிவது ஒன்றுதான், இன்னொன்று போனது போனதுதான்.

ஆனால் எப்போது போவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பயணத்தை எண்ணுவது ஜனவரி முதல் டிசம்பர் கணக்கில், சம்பளமும் எல்.டி.ஏ.வும் ஏப்ரல் முதல் மார்ச் கணக்கில். 2026 பிப்ரவரியில் நீங்கள் ராமேஸ்வரம் போனால், பயணம் புது பிளாக் வருடத்தில் விழும், பணமோ இந்த 2025-26 நிதியாண்டில்தான் விழும். இந்த ஆண்டின் 72,000-ல் 65,000 ஏற்கெனவே கழிந்துவிட்டது, மிச்சம் 7,000 மட்டும். ஒரு பயணத்தையே செலவழித்து 7,000-க்கு விலக்கு வாங்குவது வீண். ஏப்ரல் தாண்டிப் போனால் அடுத்த நிதியாண்டின் 72,000 முழுதாக உங்களுக்கு நிற்கும். குழந்தைகளுக்குப் பரீட்சை முடிந்து மே மாதமோ, தீபாவளி லீவிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 1, 2026 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது, பிரிவு எண்கள் மாறும், அதனால் அப்போது கம்பெனி எந்தப் படிவம் கேட்கிறதோ அதில் எழுதுங்கள். கொண்டு வந்த பயணம் என்று அதில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் புது பிளாக்கின் இரண்டில் ஒன்றாக அதைச் சேர்த்துவிடுவார்கள். நடுவில் வேலை மாறினாலும் பிளாக் கணக்கு உங்கள் கூடவேதான் வரும், புது இடத்தில் முதலிலிருந்து எண்ண முடியாது.

பில் விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. "டிக்கெட் இல்லையா, பரவாயில்லைங்க, கார் வாடகை பில் 72,000-க்கு எழுதித் தருகிறேன், கமிஷன் கொடுத்தால் போதும்" என்று சொல்பவர்கள் நம் ஊர்களில் உண்டு. வேண்டாம். வருமானத்தைத் தவறாகக் காட்டியது என்று முடிவானால் பிரிவு 270ஏ-யில் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். 20 சதவீத வரம்பில் 14,976 வரியை மிச்சம் பிடிக்கப் போய் அந்த வரியும், 29,952 அபராதமும், வட்டியும் கட்ட நேரிடும். விலக்குக் கேட்டுக் கம்பெனியில் கொடுக்கும் படிவம் 12பிபி-யில் கையெழுத்துப் போடுவது நீங்கள், பில் எழுதிக் கொடுத்தவர் இல்லை.

கம்பெனியின் கெடு முடிவதற்குள் டிராவல்ஸ்காரரிடமிருந்து பிரித்த பில் கிடைத்துவிட்டால் 12பிபி-யில் 65,000 என்று எழுதி, ஐந்து பேர் டிக்கெட்டோடு கொடுங்கள், மார்ச் சம்பளத்தில் வரியைச் சரிசெய்துவிடுவார்கள். தாமதமாகிவிட்டால் கம்பெனி முழுவதற்கும் வரி பிடித்துவிடும், அப்போதும் கதை முடிந்துவிடாது. ரிட்டர்ன் போடும்போது சம்பளப் பகுதியில், விலக்குள்ள படிகள் பட்டியலில் 10(5) என்று ஒரு வரி இருக்கும், அதில் 65,000 காட்டிக் கேட்கலாம். படிவம் 16-ல் இல்லாததை ரிட்டர்னில் காட்டுவதால் வருமான வரித்துறையிலிருந்து விளக்கம் கேட்டு வரக்கூடும். டிக்கெட், பிரித்த பில், லீவு அனுமதி மின்னஞ்சல், டிராவல்ஸ்காரருக்குப் பணம் அனுப்பிய வங்கிப் பதிவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அதோடு, ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டுவிட வேண்டும், கெடு தாண்டினால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கவே முடியாது, இந்த 65,000-மும் அதோடு போய்விடும்.